‘போலே தஹான்’ எந்தக் கட்டத்தில் விழும்?

கடையின் கருத்துச் சீட்டில் ஒரு வாடிக்கையாளர் ‘போலே தஹான்’ என்று எழுதிவிட்டுப் போகிறார். அந்த மலாய்த் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தாங்கிக்கொள்ள முடியும்’ என்று வரும். பெயர்ப்பை மட்டும் படிக்கிற ஒருவர், இந்த ஆள் ஏதோ கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு சாமான் வாங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்து அதைப் புகார்க் கணக்கில் சேர்த்துவிடுவார். மலாய் பேசிப் பழகியவர்களுக்கு அது புகாரே இல்லை. ‘நல்லாத்தான் இருக்கு’ என்று நாம் சொல்வோமே, அந்த அளவிலான பாராட்டு அது. ஒரு சீட்டில் இப்படி நேர்ந்தால் கணக்கு அசையாது. நூறு சீட்டில் எட்டுப் பத்து இப்படி இடம் மாறினால், எந்தக் குறையை முதலில் சரிசெய்வது என்ற முடிவே மாறிவிடும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் நீலாய் இந்தச் சிக்கலை எடுத்துப் பேசுவதற்குப் பொருத்தமான ஊர். ஒருபக்கம் லாபு, பாத்தாங் பெனார் வட்டாரத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்து வீடுகளுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். இன்னொரு பக்கம் துணி, கம்பளம், திரைச்சீலை, சமையல் சாமான் என்று மொத்த விலைக்கு வாங்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வரும் நீலாய் 3 கடைத்தொகுதி. அங்கே ஒரே கவுண்டரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் நிற்பார்கள். ‘எங்கள் கடையில் எதை மாற்ற வேண்டும்?’ என்று ஒரு சீட்டைக் கொடுத்தால் பதில்கள் மூன்று நான்கு மொழிகளில் வரும். ஒரே வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு மொழி கலந்தும் வரும்.

இத்தனை தொல்லை எதற்கு, ஐந்து பதில்களை அச்சடித்துக் கொடுத்து ஒன்றில் கோடு போடச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2008 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்ததும் பியூ ஆய்வு மையம், வாக்களித்தவர்களிடம் எந்தப் பிரச்சினை முக்கியமாக இருந்தது என்று கேட்டது. ஐந்து பதில்களை வாசித்துக் காட்டிக் கேட்டபோது 58 விழுக்காட்டினர் ‘பொருளாதாரம்’ என்றார்கள். எதையும் வாசிக்காமல் சும்மா கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 35 விழுக்காடு. அந்தப் பட்டியலிலேயே இல்லாத பதிலைச் சொன்னவர்கள், வாசித்துக் கேட்டபோது 8 விழுக்காடு. திறந்து கேட்டபோது 43. பட்டியல் போட்டவருக்குத் தோன்றாத விஷயம் வாடிக்கையாளர் மனதில் இருந்தால், கோடு போடும் சீட்டில் அது வெளியே வர வழியே இல்லை. திறந்த கேள்வியில் அது வரும். ஆனால் வந்ததை எண்ணுவதற்கு உழைக்க வேண்டும்.

அந்த உழைப்பு எப்படி என்பதை ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். கடையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. நீலாய் 3-இல் ஒரு துணிக்கடை. 120 சீட்டுகள் திரும்பி வந்தன. 20 வெற்றுச் சீட்டுகள். மீதி 100-இல் மலாயில் 56, தமிழில் 28, ஆங்கிலத்தில் 16. சீனத்தில் வந்தால் அதைப் படிப்பவர் ஒருவரும் வேண்டும். எளிமைக்காக அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் வேலை, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே எக்செல் தாளில் ஏற்றுவது. பிழையைத் திருத்தக் கூடாது, சுருக்கக் கூடாது, மொழிபெயர்த்துக்கொண்டே தட்டவும் கூடாது. ஏற்றுபவருக்குப் புரியாத எழுத்து பின்னால் படிப்பவருக்குப் புரியலாம். கைப்பேசியில் பழகிய மலாயில் ‘தாக்’ என்ற மறுப்புச் சொல்லை `x` என்ற ஒற்றை எழுத்தாக எழுதுவது வழக்கம். `x mahal` என்றால் ‘விலை அதிகமில்லை’. அந்த எழுத்தை அடித்தல் குறி என்று எண்ணி விட்டுவிட்டு, மஹால் என்பதை மட்டும் ஏற்றினால் ‘விலை அதிகம்’ என்று நேர்மாறாகிவிடும். `barang2` என்பதிலுள்ள 2 எண்ணிக்கையும் அல்ல. ‘பாராங்’ என்ற சொல்லை இரட்டிப்பதற்கான குறி அது. ‘சாமான்கள்’ என்று பொருள். ‘செடாப்’ என்ற சொல்லை இந்த மாநிலத்து மலாய்க்காரர்கள் ‘சொடாப்’ என்று பேசுவார்கள், அப்படியே எழுதவும் செய்வார்கள். தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி அது எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுவது இதனால்தான் பாதியில் நின்றுவிடுகிறது. ‘மூரா’ என்றால் மலிவு. ‘மூரா ஹாத்தி’ என்றால் தாராள மனசு. கவுண்டர் ஆள் மூரா ஹாத்தி என்று ஒருவர் பாராட்டியதைத் தேடல் பெட்டி விலைக் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

தமிழ்ப் பதில்களிலும் இதே தொல்லை உண்டு. ‘அஞ்சு வெள்ளி கொறைக்கச் சொன்னா மூஞ்சிய காட்டுறாங்க’ என்று எழுதியிருப்பதைச் சென்னையிலுள்ள ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால், ஐந்து வெள்ளிக்கிழமையா, வெள்ளி நகையா என்று ஒரு நொடி தடுமாறுவார். இங்கே வெள்ளி என்றால் ரிங்கிட். ‘காடி வைக்க எடமில்ல’ என்பதில் வரும் காடி, கார். படிப்பவர் தமிழ் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது, இந்த மண்ணின் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அடுத்து ஒரு முடிவெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மொழிக்கு மாற்றிவிட்டுப் பிறகு தலைப்புகளாகப் பிரிப்பதா, அந்தந்த மொழியிலேயே படித்துப் பிரித்துவிட்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதா? முதலாவது வழியில் ஒரே ஆள் எல்லாப் பதில்களையும் பிரித்துவிடலாம், வேலை சீக்கிரம் முடியும். பல நிறுவனங்கள் அந்த வழியில்தான் போகின்றன. ஆட்கள் கிடைத்தால் இரண்டாவது வழிதான் சரி என்பது என் எண்ணம். தமிழ்ச் சீட்டு ஒன்றில் ‘பெரியவங்கள ஒருமையில கூப்பிடுறான்’ என்று இருக்கிறது. இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக நேர்வழி கிடையாது. மரியாதைக் குறைவாகப் பேசுகிறார் என்று பெயர்த்தால் கத்தினாரா, திட்டினாரா என்று தெரியாது. நடந்தது அதுவல்ல. அறுபது வயது அம்மாவை ‘என்னா வேணும், சொல்லு’ என்று கேட்டிருக்கிறார் ஒரு பையன். அவன் குரல் சாதாரணமாகவே இருந்திருக்கும். குறை ‘சொல்லு’ என்ற வினைமுற்றில் இருக்கிறது. தமிழில் படிப்பவர் இதை ஒரு கணத்தில் ‘ஊழியர் பேசும் விதம்’ என்ற தலைப்பில் போட்டுவிடுவார். மொழிபெயர்ப்பைப் படிப்பவரோ எதை மாற்றச் சொல்கிறார்கள் என்று புரியாமல் நிற்பார்.

அதனால் தாளில் ஒரு பதிலுக்கு ஒரு கிடைவரிசை. அதில் சீட்டின் எண், மொழி, எழுதியபடியே மூலம், மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். மொழிபெயர்ப்பு மூலத்தின் பக்கத்தில்தான் இருக்கும். மூலத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காராது. குறிப்புக் கட்டத்தில் ‘வயதானவரிடம் மரியாதைப் பன்மை இல்லாமல் பேசியது’ என்று ஒரு வரி எழுதினால் முதலாளிக்கு அது போதும்.

தலைப்புகளை யார் தீர்மானிப்பது? முன்கூட்டி யோசித்து வைப்பதைவிட, எல்லா மொழியிலுமிருந்து கலந்தெடுத்த முதல் முப்பது சீட்டுகளைப் படித்து, மீண்டும் மீண்டும் வருவதைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து தலைப்புகளை எழுப்புவது நல்லது. மலாய்ச் சீட்டுகளை மட்டும் படித்துத் தலைப்புப் போட்டால், தமிழில் மட்டும் வரும் குறைகள் ‘மற்றவை’ என்ற மூட்டைக்குள் போய்விடும்.

தலைப்புகளைக் கலக்கும் ஒரு பழைய தவறை 1935-லேயே பால் லாசர்ஸ்ஃபெல்ட் எடுத்துக்காட்டினார். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன சமூகவியலாளர் அவர். சந்தை ஆய்வில் ‘ஏன்’ என்று கேட்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். ‘ஏன் இதை வாங்கினீர்கள்?’ என்ற ஒரே கேள்விக்கு மக்கள் வெவ்வேறு திசையிலிருந்து பதில் சொல்வார்கள் என்பது அவர் கண்டது. நம் கடைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் ஒருவர் ‘இங்கே விலை கொறவு’ என்பார். அது பொருளின் குணம். இன்னொருவர் ‘எங்க அக்கா சொன்னாங்க’ என்பார். அது அவரை அனுப்பிவைத்த ஆள். மூன்றாமவர் ‘மக கல்யாணம்’ என்பார். அது தேவை. மூன்று பேரும் ஒரே பெண்மணியாகக்கூட இருக்கலாம். அக்கா சொல்லி, மகள் கல்யாணத்துக்கு, மலிவு என்று வந்தவர். இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டி போடவிட்டு ‘விலை 40, அக்கா 25, கல்யாணம் 20, ஆகவே விலைதான் முக்கியம்’ என்று முடிவு கட்டினால் அதில் பொருளே இல்லை. இந்தக் கடையின் கேள்வி ‘எதை மாற்ற வேண்டும்’ என்று ஒரே திசையில் இருப்பதால் அந்தச் சிக்கல் குறைவு. நல்ல கேள்வி பாதி அட்டவணையை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிடுகிறது.

ஒவ்வொரு தலைப்புக்கும் எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது என்று இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். ‘விலை’ என்று மட்டும் போட்டால் மலிவு என்று பாராட்டியவரும் அதிகம் என்று குறைப்பட்டவரும் ஒரே எண்ணுக்குள் போய்விடுவார்கள். ஆகவே ‘விலை அதிகம்’ என்று திசையோடு எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பத்தி. பதிலில் அது இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஒருவர் காடி வைக்க இடமில்லை என்றும் வரிசை நீளம் என்றும் எழுதியிருந்தால் இரண்டிலும் 1. ஒரே ஆள் இடமில்லை என்று மூன்று தடவை எழுதியிருந்தாலும் அந்தப் பத்தியில் ஒரே 1தான், ஏனென்றால் நாம் எண்ணுவது ஆட்களை. மொழி B பத்தியிலும் ஊழியர் பற்றிய தலைப்பு I பத்தியிலும் இருந்தால், தமிழில் எழுதியவர்களில் எத்தனை பேர் அதைச் சொன்னார்கள் என்பதை ஒரு வரியில் கேட்கலாம்:

```
=COUNTIFS(B2:B121,"TA",I2:I121,1)
```

இப்படி எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால் வருவது இது:

| தலைப்பு | மலாய் (56) | தமிழ் (28) | ஆங்கிலம் (16) | மொத்தம் (100) |
|---|---|---|---|---|
| காடி நிறுத்த இடமில்லை | 24 | 8 | 6 | 38 |
| விலை அதிகம் | 13 | 5 | 4 | 22 |
| ஊழியர் பேசும் விதம் | 4 | 12 | 1 | 17 |
| பில் போடத் தாமதம் | 9 | 3 | 4 | 16 |
| கழிப்பறை, சூராவ் வசதி | 11 | 3 | 2 | 16 |
| குறையில்லை, பாராட்டு | 8 | 4 | 3 | 15 |
| மற்றவை | 4 | 2 | 1 | 7 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் 131 வருகிறது, எழுதியவர்கள் 100 பேர். ஒருவர் பல குறைகள் சொல்லலாம் என்பதால் அப்படித்தான் வர வேண்டும். இதைப் பார்த்துப் பயந்து, 131-ஐ அடியில் வைத்து விழுக்காடு போடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் காடி நிறுத்தும் குறை 38 விழுக்காட்டிலிருந்து 29-க்கு இறங்கிவிடும். அந்த 29 யாரைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. வெற்றுச் சீட்டுகள் 20-ஐயும் அடியில் சேர்க்கவில்லை; ஆனால் அட்டவணைக்குக் கீழே ‘வந்தவை 120, வெற்று 20’ என்று எழுதியாக வேண்டும். வெறுமனே விட்டவருக்குக் குறையே இல்லையா, எழுத நேரமில்லையா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று எழுதியது வேறு. அது ஒரு பதில், அதற்குத் தனி வரி இருக்கிறது. நம் ‘போலே தஹான்’ அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஆள் பிரித்தது சரிதானா என்று பார்க்க, இன்னொருவர் அதே சீட்டுகளை முதல் ஆளின் குறிகளைப் பார்க்காமல் பிரிக்க வேண்டும். இருவரும் எத்தனை சீட்டில் ஒத்துப்போனார்கள் என்று எண்ணுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் அளவு. அது ஏமாற்றும். ‘சாமானைத் திருப்பித் தர முடியவில்லை’ என்று தனித் தலைப்பு ஒன்றும் முதலில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 3 சீட்டில் அதற்கு 1 போட்டார், இரண்டாமவரும் 3 சீட்டில் போட்டார். ஆனால் ஒரு சீட்டுகூடப் பொதுவில்லை. மீதி 94 சீட்டில் இருவரும் 0. ஒத்துப்போனது 94 விழுக்காடு! அந்தத் தலைப்பு இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து சொன்ன சீட்டு ஒன்றுகூட இல்லை. அரிதான தலைப்பில் ‘இல்லை’ என்று சொல்வது சுலபம் என்பதால் தற்செயலாகவே இந்த அளவு ஒற்றுமை வந்துவிடும்.

இதற்காகத்தான் ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-இல் கப்பா என்ற அளவைத் தந்தார். தற்செயலாக எவ்வளவு ஒத்துப்போகும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதற்கு மேல் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று அது பார்க்கிறது. முழு ஒற்றுமைக்கு 1, தற்செயல் அளவே என்றால் 0. நம் கணக்கில் தற்செயலாகவே 94.18 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும், கிடைத்தது 94. ஆகவே கப்பா சுழிக்கும் சற்றுக் கீழே, ஏறக்குறைய −0.03. காரணத்தைத் தேடினால் விளக்கம் எழுதியதில் இருக்கும். ‘வேற கலர் மாத்திக் குடுக்கல’ என்பதை ஒருவர் திருப்பித் தருவதாக எடுத்தார், மற்றவர் எடுக்கவில்லை. அந்தத் தலைப்பைக் கலைத்து, அதற்குள் இருந்த 6 சீட்டுகளையும் ‘மற்றவை’க்கு அனுப்பியதால்தான் அங்கே 7 நிற்கிறது.

இனி தமிழ்ப் பத்தியைப் பாருங்கள். மொத்தக் கணக்கில் ஊழியர் பேசும் விதம் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. தமிழில் எழுதிய 28 பேரில் மட்டும் பார்த்தால் 12 பேர் அதைச் சொன்னார்கள். அங்கே அதுவே முதலிடம். மலாயில் 56 பேரில் 4 பேர்தான். மொழிவாரியாகப் பிரிக்காமல் மொத்தத்தை மட்டும் காட்டியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. உடனே, கடைப் பையன்கள் தமிழர்களிடம் மட்டும் மோசமாக நடக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றும். அந்த முடிவுக்குப் போகுமுன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: தமிழ்ச் சீட்டுகளைப் பிரித்தது யார், மலாய்ச் சீட்டுகளைப் பிரித்தது யார்?

மூல மொழியிலேயே பிரிக்கும் வழிக்கு உள்ள பெரிய பலவீனம் இங்கேதான். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ஆள் என்று வைத்துவிட்டால், இரண்டு பத்திகளுக்கு நடுவில் தெரியும் வித்தியாசம் வாடிக்கையாளர்களுடையதா, படித்தவர்களுடையதா என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே எண்ணுக்குள் ஒட்டிக்கிடக்கும். மொழிக்குள்ளேயே இரண்டு பேரை வைத்துக் கப்பா எவ்வளவு உயரமாக வந்தாலும் இதைத் தீர்க்காது. இரண்டு மலாய்ப் படிப்பாளர்களும் ஒரே மாதிரி பழகியிருக்கலாம்.

தீர்க்க ஒரே வழி, இரண்டு மொழியும் நன்றாகப் படிக்கும் மூன்றாவது ஒருவர். தோட்டப்புறத்தில் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள் நீலாயில் ஏராளம். அப்படிப்பட்டவர் தேடக் கஷ்டமில்லை. மலாயிலும் தமிழிலும் பன்னிரண்டு பன்னிரண்டு சீட்டுகளைக் கலந்து, பழைய குறிகளை மறைத்து அவரிடம் கொடுக்கிறோம். மலாய்ச் சீட்டுகளில் ‘லாயானான்’ என்ற சொல் வரும் இடத்தில் அவர் மாறுபடுகிறார். கவனிப்பு என்ற பொருளில் வரும் அந்தச் சொல், தாமதத்தையும் குறிக்கும், நடத்துகிற விதத்தையும் குறிக்கும். ‘லாயானான் லம்பாட்’ என்றால் கவனிப்பு மெதுவாக இருக்கிறது; அது பில் தாமதம்தான். ‘லாயானான் தெருக்’ என்றால் கவனிப்பு மோசம். மலாய்ப் பிரிப்பாளர் அந்தச் சொல்லைக் கண்ட இடமெல்லாம் தாமதத்தில் போட்டிருக்கிறார். அந்தச் சொல் உள்ள மலாய்ச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி படித்தபோது, தாமதம் என்று குறித்த 9-இல் 5 ஊழியர் பேசும் விதத்துக்குப் போகின்றன.

அட்டவணை மாறுகிறது. மலாயில் ஊழியர் குறை 4-இலிருந்து 9 ஆகிறது, மொத்தம் 17-இலிருந்து 22. விலைக்குச் சமமாக இரண்டாம் இடத்தில் வந்து நிற்கிறது. தாமதம் 16-இலிருந்து 11-க்கு இறங்குகிறது. தமிழர்களுக்கு மட்டும் நேரும் குறை என்று தோன்றியது எல்லாருக்கும் நேர்வது என்று தெரிகிறது. ஆனாலும் 56-இல் 9 என்பதற்கும் 28-இல் 12 என்பதற்கும் இடையில் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. அது எவ்வளவு என்று விழுக்காட்டில் எழுதுவதைவிட ‘28 பேரில் 12 பேர்’ என்று எழுதுவது நேர்மை. 28 பேரில் இரண்டு பேர் வேறு மாதிரி எழுதியிருந்தாலே விழுக்காடு ஏழு புள்ளி நகர்ந்துவிடும். சீட்டு எழுதியவர்கள் தாமாக முன்வந்து எழுதியவர்கள் வேறு. கடைக்கு வந்த தமிழர்கள் எல்லாருக்காகவும் இவர்கள் பேசுவதாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

அடுத்த மாதத்துச் சீட்டில் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. ‘கவுண்டரில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?’ என்பது ஒன்று. ‘எங்கள் ஆட்கள் உங்களிடம் எப்படிப் பேசினார்கள்?’ என்பது இன்னொன்று. மலாய்ப் பக்கத்தில் ‘லாயானான்’ என்ற சொல் இல்லாமல் இரண்டையும் எழுத வேண்டும்.